பீரோவில் கிடைத்த இரண்டு சான்றிதழ்கள்

அப்பா காலமாகி எட்டு மாதங்கள் கழித்து அவருடைய இரும்பு பீரோவை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். வீட்டு வரி ரசீதுகள், எங்கள் பள்ளி மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றுக்கு அடியில், நாடா வைத்துக் கட்டிய ஒரு கோப்பில் இரண்டு பங்குச் சான்றிதழ்கள் இருந்தன. ஒன்றில் இருபது பங்குகள், மற்றொன்றில் நாற்பது. இரண்டிலும் ‘விதேஷ் சஞ்சார் நிகம் லிமிடெட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இது வெளிநாட்டுக்கு போன் போடுற கம்பெனிதானே? அது இப்ப எங்கடா இருக்கு?” என்றார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க எனக்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் பிடித்தன. பதில் ரகசியமாக ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை, ஒரே பதிலும் இல்லை.

விதேஷ் சஞ்சார் நிகம், சுருக்கமாக வி.எஸ்.என்.எல்., என்ற பெயர் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் தினசரிப் புழக்கத்தில் இருந்தது. 1990களின் இறுதியில் அப்பா வாங்கிய இணைய இணைப்பு அவர்களுடையது. மோடம் கீச்சிட்டு முடிந்த பிறகு திறக்கும் அந்த அஞ்சல் பெட்டியின் முகவரி `giasmd01.vsnl.net.in` என்று முடியும். கனடாவில் இருந்த அத்தைக்கு ஐ.எஸ்.டி. போட்டாலும் அந்த அழைப்பு இந்தியாவை விட்டு வெளியேறும் வாசல் அவர்களுடையதுதான். 1986-இல், அதுவரை அரசுத் துறையாக இருந்த வெளிநாட்டுத் தகவல் தொடர்புச் சேவையை எடுத்து நிறுவனமாக்கியபோது பிறந்த பெயர் அது. வெளிநாட்டு அழைப்புகளில் ஏகபோக உரிமை வேறு. ஆகவே நல்ல லாபம் ஈட்டும் அரசு நிறுவனத்தில் பணம் போடுகிறோம் என்ற நம்பிக்கையில் அப்பா வாங்கியிருக்க வேண்டும். அவர் வாங்கியது இருபதுதான். 2000-ஆம் ஆண்டில் ஒரு பங்குக்கு இரண்டு என்று போனஸ் கொடுத்தார்கள். இரண்டாவது சான்றிதழில் உள்ள நாற்பது அதனால் வந்தவை.

முதலில் நான் கேட்டது ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில். அங்கிருந்தவர் சான்றிதழைப் பார்த்த வேகத்திலேயே, “சார், இது பி.எஸ்.என்.எல்.-ஓட சேர்ந்துடுச்சு. அது லிஸ்ட் ஆகாத கம்பெனி. ஃபிரேம் போட்டு மாட்டிக்கலாம்” என்றார். நம்பிவிட்டேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘சஞ்சார் நிகம்’ என்ற சொற்கள் இரண்டுக்கும் பொது, இரண்டும் தொலைத்தொடர்பு, இரண்டும் அரசு. இந்தத் தேடலில் முதல் பிழை பெரும்பாலும் இப்படித்தான் நேரும் என்று பின்னால் புரிந்தது. விற்கப்பட்ட ஓர் அரசு நிறுவனத்தின் பெயர், இன்னமும் இருக்கும் இன்னோர் அரசு நிறுவனத்தின் பெயரை ஒத்திருக்கும்போது, நினைவு தானாக உயிரோடு இருப்பதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘பாரத்’ உள்நாட்டைக் குறிக்கிறது, ‘விதேஷ்’ வெளிநாட்டைக் குறிக்கிறது என்ற ஒரு சொல் வித்தியாசத்தை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஃபிரேம் போடும் எண்ணத்தில் கோப்பை மறுபடி எடுத்தபோதுதான், அதன் பின்பக்கப் பையில் பிரிக்காத ஓர் உறை இருப்பது தெரிந்தது. 2002-ஆம் ஆண்டு அஞ்சல் முத்திரை. உள்ளே மெல்லிய தாளில் நுணுக்கி அச்சிட்ட ஒரு சலுகைக் கடிதம். ‘பானாடோன் ஃபின்வெஸ்ட் லிமிடெட்’ என்று நான் அதுவரை கேள்விப்படாத ஒரு நிறுவனம், என் அப்பாவின் பங்குகளை, பங்கு ஒன்றுக்கு 202 ரூபாய் வீதம் வாங்கிக்கொள்ள முன்வந்திருந்தது. அப்பா அதைப் பிரிக்கக்கூட இல்லை. அறுபது பங்குகளுக்கு 12,120 ரூபாய் வந்திருக்கும்.

விற்றது எப்போது, யாருக்கு

அந்தக் கடிதம் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டாலே பாதிக் கதை தெளிந்துவிடும். 2002 தொடக்கத்தில் வி.எஸ்.என்.எல்.-இல் மத்திய அரசுக்கு 52.97 சதவீதம் பங்கு இருந்தது. அந்த ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்புகளுக்கான ஏகபோகம் முடிவுக்கு வர இருந்த நிலையில், பிப்ரவரி 13 அன்று அரசு 25 சதவீதத்தை நிர்வாகக் கட்டுப்பாட்டோடு சேர்த்து விற்றது. இறுதிப் போட்டியில் டாடாவும் ரிலையன்ஸும் இருந்தன, டாடா வென்றது. விலை பங்குக்கு 202 ரூபாய், மொத்தம் 1,439.25 கோடி. அன்றைய கையகப்படுத்தல் விதிகளின்படி, பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தில் இப்படிப் பெரிய அளவில் பங்கு வாங்குபவர், மற்ற பங்குதாரர்களிடமிருந்தும் மேலும் 20 சதவீதம் வரை வாங்கிக்கொள்ள முன்வர வேண்டும். எங்கள் பீரோவில் கிடந்தது அந்தப் பகிரங்கச் சலுகையின் கடிதம். ஊழியர்களுக்கென ஒதுக்கிய 1.85 சதவீதத்தையும் கழித்தால் அரசிடம் 26.12 சதவீதம் மிஞ்சியது.

செய்தித்தாள்கள் ‘டாடா வாங்கியது’ என்று எழுதின. அது தவறில்லை, ஆனால் ஆவணத்தில் வாங்கியவரின் பெயர் பானாடோன் ஃபின்வெஸ்ட். இதற்கென்றே டாடா குழுமம் பயன்படுத்திய முதலீட்டு நிறுவனம் அது. தனியார்மயமான ஒரு நிறுவனத்தின் உரிமையாளரைத் தேடுபவர் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். செய்தியில் படித்த பெயரைப் பங்குதாரர் பட்டியலில் தேடினால் அது முதல் வரியில் இருக்காது. யாரும் அறியாத ஒரு பெயர் அங்கே இருக்கும், அதைப் பார்த்ததும் ‘வேறு யாருக்கோ கைமாறிவிட்டது போலும்’ என்று தோன்றும். நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான வழி, சலுகைக் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படிப்பது. வாங்குபவர் யார், அவரோடு இணைந்து செயல்படுபவர்கள் யார் என்பதை அங்கே எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. அந்தப் பக்கம் எங்கள் வீட்டிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது.

இன்று அதே சங்கிலியைச் சரிபார்க்க விரும்பினால், ஒவ்வொரு காலாண்டுக்கும் பங்குச் சந்தைகளின் தளத்தில் நிறுவனம் தாக்கல் செய்யும் பங்குதாரர் பட்டியலைத் திறக்க வேண்டும். அதில் நிறுவனர் தரப்பின் கீழ் இரண்டு பெயர்கள்: பானாடோன் ஃபின்வெஸ்ட் சுமார் 44.8 சதவீதம், டாடா சன்ஸ் சுமார் 14 சதவீதம். பானாடோனே டாடா சன்ஸின் துணை நிறுவனம். டாடா சன்ஸில் ஏறத்தாழ 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. அம்மாவின் ‘எங்கடா இருக்கு’ என்ற கேள்வியை உரிமை பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டால், பதில் மூன்று படி மேலேறி ஓர் அறக்கட்டளைக் கூட்டத்தில் போய் நிற்கிறது.

பெயர் ஏன் ஆறு ஆண்டுகள் தாமதித்தது

உரிமை மாறியது 2002-இல். பெயர் மாறியது 2008 தொடக்கத்தில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் நிறுவனம் டாடாவின் கட்டுப்பாட்டில் வி.எஸ்.என்.எல். என்ற பழைய பெயரிலேயே நடந்தது. இந்த இடைவெளிதான் குழப்பத்தின் ஊற்று. 2004-இல் யாராவது ஒரு வி.எஸ்.என்.எல். ரசீதைப் பார்த்திருந்தால், அது அரசு நிறுவனம் என்றே நினைத்திருப்பார். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அந்த ஆறு ஆண்டுகளில் அது வெளிநாடுகளில் பெரிய கொள்முதல்கள் செய்தது. டைகோவிடமிருந்து கடலடிக் கேபிள் வலையமைப்பையும், டெலிகுளோப் என்ற நிறுவனத்தையும் வாங்கியது. அந்தந்தப் பெயர்களையும் வி.எஸ்.என்.எல். பெயரையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தபோதுதான் ‘டாடா கம்யூனிகேஷன்ஸ்’ என்ற பெயர் பிறந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. நிறுவனத்தின் பெயரை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவாக இருக்க வேண்டும். அரசிடம் 26.12 சதவீதம் இருந்தது. அதாவது அரசு எதிர்த்து வாக்களித்திருந்தால், மற்ற அத்தனை பேரும் சேர்ந்தாலும் பெயரை மாற்றியிருக்க முடியாது. அரசு கால் பங்குக்குச் சற்று அதிகமாகத் தன்னிடம் நிறுத்திக்கொண்டதன் அர்த்தம் அந்தத் தசமப் புள்ளியில் இருக்கிறது. நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டு, தடுக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஆகவே ‘விதேஷ் சஞ்சார் நிகம்’ என்ற இந்திப் பெயர் போய் டாடா பெயர் வந்தது அரசு தடுக்காததால்தான். ‘அரசு விற்றுவிட்டது’ என்ற சொற்றொடரை நாம் எவ்வளவு சுலபமாகப் பயன்படுத்துகிறோம் என்று அப்போது தோன்றியது. பெயர் மாறியபோதும் அரசு உள்ளேதான் இருந்தது. அது முழுமையாக வெளியேறியது 2021 மார்ச்சில், அப்போது 16.12 சதவீதத்தைச் சந்தையில் பங்குக்குக் குறைந்தது 1,161 ரூபாய் என்று விற்றது, மீதி 10 சதவீதத்தை அதே பானாடோனுக்குக் கொடுத்தது. 2002-இல் 25 சதவீதத்துக்கு வந்தது 1,439 கோடி, 2021-இல் 26.12 சதவீதத்துக்கு வந்தது 8,500 கோடிக்கும் மேல். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து அன்று ஏமாந்துவிட்டோம் என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இடையில் பத்தொன்பது ஆண்டுகளும், வாங்கியவர் போட்ட முதலீடும் இருப்பதால் அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் அரசு பாதியை வைத்துக்கொண்டு காத்திருந்தது லாபமாகவே முடிந்தது என்பதையும் மறுக்க முடியாது.

பெயர் மாறினால் பங்கு செல்லுமா என்று அம்மா கேட்டார். செல்லும். பெயர் மாறினாலும் நிறுவனம் சட்டத்தின் பார்வையில் அதே ஆள்தான். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்டவர் போட்ட பழைய கையெழுத்து செல்லாமல் போய்விடுமா? மும்பைப் பங்குச் சந்தையில் வி.எஸ்.என்.எல்.-க்கு இருந்த 500483 என்ற எண்தான் இன்றும் டாடா கம்யூனிகேஷன்ஸுக்கு. தேசியப் பங்குச் சந்தையில் மட்டும் குறியீடு `TATACOMM` என்று மாறியது. பெயரைத் துரத்துவதைவிட எண்ணைத் துரத்துவது நல்லது என்பதை இந்தக் கட்டத்தில் கற்றுக்கொண்டேன்.

கதை இரண்டாகப் பிரிந்த இடம்

இவ்வளவும் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பழைய பெயர் இது, புதிய பெயர் இது, உரிமையாளர் இவர். இதை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டவும் செய்தேன். ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. பானாடோனுக்கு விற்றபோது போட்ட ஒப்பந்தத்தில் நிலம் பற்றி ஏதோ இருந்ததாக எங்கோ படித்த ஞாபகம்.

வி.எஸ்.என்.எல். 2000-இல் நியூயார்க் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்தது. அதனால் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் ஆண்டுதோறும் நீண்ட அறிக்கை தர வேண்டியிருந்தது. அந்த அறிக்கைகள் யாரும் இலவசமாகப் படிக்கும்படி இன்றும் இணையத்தில் கிடக்கின்றன. இந்திய ஆண்டறிக்கையில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் விஷயத்தை இவற்றில் பக்கக்கணக்கில் எழுதுவார்கள், ஏனென்றால் நிறுவனத்தின் வரலாற்றையும் அபாயங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள கட்டாயம். இப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றைத் தேடுபவருக்கு நான் முதலில் காட்டும் இடம் இதுதான். ஓர் இரவு அதில் ஒன்றைத் திறந்து, ‘உபரி நிலம்’ என்று பொருள்படும் சொற்களைத் தேடினேன். விடிய இரண்டு மணி வரை எழவில்லை.

விஷயம் இதுதான். செயற்கைக்கோளும் கடலடிக் கேபிளும் வருவதற்கு முன், வெளிநாட்டுத் தொடர்பு சிற்றலை வானொலி வழியாக நடந்தது. அதற்கான அலைவாங்கிக் கம்பங்களை நட ஏக்கர் கணக்கில் திறந்த வெளி வேண்டும். அந்தத் துறையின் வாரிசான வி.எஸ்.என்.எல்.-இடம் அதனால் நகர ஓரங்களில் பரந்த நிலங்கள் இருந்தன; புணேயின் திகி, கொல்கத்தா, தில்லி, சென்னை. தொழில்நுட்பம் மாறியபின் அவற்றுக்கு வேலை இல்லை, ஆனால் நகரங்கள் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்துவிட்டன. விற்பனையின்போது 773.13 ஏக்கரை உபரி என்று அடையாளம் கண்டார்கள். ஏலத்தில் வந்த விலை தொலைத்தொடர்பு வணிகத்துக்கானது, நிலத்துக்கானது அல்ல என்பது அரசின் நிலை. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: இந்த நிலம் தனி நிறுவனமாகப் பிரிக்கப்படும், பிரியும்போது, பானாடோன் அரசிடம் வாங்கிய 25 சதவீதத்துக்கு உரிய பங்கை அரசுக்கே திருப்பித் தரும்.

இதைப் படித்தபோது 51.12 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. அரசிடம் எஞ்சிய 26.12-ஓடு பானாடோன் திருப்பித் தரும் 25-ஐக் கூட்டுங்கள். நிலத்தை ஏற்பதற்காக 2005-இல் தொடங்கிய ‘ஹெமிஸ்பியர் பிராப்பர்டீஸ் இந்தியா லிமிடெட்’ என்ற நிறுவனத்தில் அரசின் பங்கு சரியாக அந்த 51.12 சதவீதம். விற்கப்பட்ட நிறுவனத்திலிருந்து ஒரு துண்டு கழன்று மறுபடி அரசு நிறுவனமாகியிருக்கிறது. நிறுவனப் பதிவு எண்களை அடுத்தடுத்து வைத்தால் இது கண்ணுக்கே தெரியும்:

```
L64200MH1986PLC039266
L70101DL2005GOI132162
```

முதலாவது டாடா கம்யூனிகேஷன்ஸ், இரண்டாவது ஹெமிஸ்பியர். முதல் எழுத்து, பங்குச் சந்தையில் பட்டியலிட்டது என்பதைச் சொல்கிறது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலைக் குறிக்கின்றன. ஒன்று தொலைத்தொடர்பு, மற்றது நிலம் மனை. பிறகு மாநிலம், மகாராஷ்டிரமும் தில்லியும். பிறகு பிறந்த ஆண்டு. டாடா பெயரில் உள்ள நிறுவனத்தின் எண்ணில் 1986 அப்படியே இருக்கிறது பாருங்கள், பெயர் மாற்றம் அதைத் தொடவில்லை. அதன் பின் வரும் மூன்று எழுத்துகளில்தான் நான் தேடிய விடை இருந்தது. `PLC` என்றால் பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய சாதாரண வரையறு நிறுவனம். `GOI` என்றால் இந்திய அரசுக்குச் சொந்தமான நிறுவனம். தனியார்மயம் ஆனதா இல்லையா என்று யாராவது வாதிட்டால், இந்த மூன்று எழுத்துகளைப் பார்க்கச் சொல்வேன்.

இந்தப் பிரிவினை உடனே நடக்கவில்லை. முத்திரைத் தீர்வை, வரி, எந்த அமைச்சகத்தின் கீழ் வருவது என்று பல ஆண்டுகள் இழுத்து, 2019-இல்தான் திட்டம் அமலுக்கு வந்தது. 2020 அக்டோபரில் ஹெமிஸ்பியர் பங்குகள் `HEMIPROP` என்ற குறியீட்டில் சந்தைக்கு வந்தன. 2002-இல் ஒப்புக்கொண்ட ஒரு நிபந்தனை நிறைவேறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இடையில் பங்கை விற்றுவிட்டுப் போன சிறு முதலீட்டாளர் எத்தனை பேர் இந்த நிலத்தின் மதிப்பைக் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சந்தை அதை விலையில் சேர்த்துக்கொண்டுதான் இருந்தது என்று என் நண்பர் ஒருவர் சொல்கிறார். சந்தை சேர்த்திருக்கலாம், உறையைக்கூடப் பிரிக்காத என் அப்பா சேர்த்திருக்க மாட்டார்.

சென்னை நிலம் எங்கே என்று பார்த்தேன். செங்குன்றத்தை அடுத்த பாடியநல்லூர். சுமார் 53 ஏக்கர். சிறு வயதில் சித்தப்பா வீட்டுக்குக் கும்மிடிப்பூண்டி போகும் பேருந்தில் அந்த ஊரை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு, அந்த வெட்டவெளியில் தனக்கும் நூல் அளவு உரிமை உண்டு என்பது தெரிந்திருக்காது.

ஒரு பங்கு, இரண்டு கோரிக்கைகள்

திட்டத்தின்படி, 2019-இல் குறித்த தேதியில் டாடா கம்யூனிகேஷன்ஸின் ஒரு பங்கு வைத்திருந்த பொதுப் பங்குதாரருக்கு ஹெமிஸ்பியரின் ஒரு பங்கு. ஆகவே எங்கள் சான்றிதழ்களின் பின்னால் இப்போது இருப்பவை அறுபது டாடா கம்யூனிகேஷன்ஸ் பங்குகளும் அறுபது ஹெமிஸ்பியர் பங்குகளும். தரகர் அலுவலகம் சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும். புதிய பெயரோடு நிறுத்தியிருந்தால் இரண்டாவது போயிருக்கும். பழைய அரசு நிறுவனங்களின் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், ‘இது இப்போது என்ன பெயரில் இருக்கிறது’ என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது; ‘இதிலிருந்து ஏதாவது பிரிந்து போனதா’ என்றும் கேட்க வேண்டும். பெயர் மாற்றத்தை எந்தத் தேடுபொறியும் சொல்லிவிடும். பிரிந்து போனது வேறு பெயரில், வேறு ஊரில், வேறு எண்ணில் இருப்பதால் அது தானாகக் கண்ணில் படாது.

பங்குகள் எங்கே இருக்கின்றன என்பது அடுத்த சிக்கல். நாங்கள் வீடு மாறியபோது அப்பா முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை. ஈவுத்தொகைக் காசோலைகள் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகையைக் கோராவிட்டால், பணம் மட்டுமல்ல, பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும் என்பது இன்றைய சட்டம். நிறுவனத்தின் தளத்தில் வெளியிட்டிருந்த பட்டியலில் அப்பாவின் பெயர் முதலெழுத்து மாறி இருந்ததால் முதல் முறை கிடைக்கவில்லை. சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணைக் கொண்டு தேடியபோது கிடைத்தது. ஹெமிஸ்பியர் பிரிவதற்கு முன்பே அவை நிதிக்குப் போய்விட்டன. நிதியின் கணக்கில் இருக்கும் பங்குகளுக்குக் கிடைப்பவையும் அந்தக் கணக்கிலேயே சேரும் என்பதால், நிலத்தின் பங்குகளும் அங்கேதான்.

நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதலாம் என்றால், சான்றிதழ் காலத்துப் பதிவாளரின் பெயரும் மாறியிருந்தது. டி.எஸ்.ஆர். தாராஷா என்று பழைய கடிதங்களில் பார்த்த பெயர், டி.எஸ்.ஆர். கன்சல்டன்ட்ஸ் ஆகி, லிங்க் இன்டைமோடு இணைந்து, அதுவும் 2025 தொடக்கத்திலிருந்து எம்.யு.எஃப்.ஜி. இன்டைம் என்று ஆகியிருக்கிறது. யாருடைய பெயர் மாற்றத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டுமோ அவர்களையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததில் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

முறை ஒன்றும் மர்மமானதல்ல, நீளமானது. முதலில் வாரிசு ஆவணங்களோடு நிறுவனத்திடம் போக வேண்டும்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இன்மைக் கடிதம், அம்மாவின் பான் அட்டை நகல், டீமேட் கணக்கு விவரம். அதைச் சரிபார்த்து நிறுவனம் ஓர் உரிமைக் கடிதம் தரும். அதை இணைத்து, ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்சிட்டுக் கையெழுத்திட்டு, இழப்பீட்டு உறுதிப் பத்திரத்தோடு நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரிக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். படிவத்தில் நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்பார்கள். ஒரு படிவத்தில் ஒரு எண்தான். ஆகவே எங்களுக்கு இரண்டு படிவங்கள். அப்பாவின் பெயர் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் இருந்ததால், இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் சேர்ந்தது. நிறுவனத்துக்கு ஆள் மாறாமல் பெயர் மாறியது ஒரு சான்றிதழோடு முடிந்தது; அப்பாவுக்கு முதலெழுத்து இடம் மாறியதற்கு நோட்டரியிடம் போக வேண்டியதாயிற்று.

போன வெள்ளிக்கிழமை இரண்டு உறைகளையும் கட்டி முடித்தோம். தில்லி முகவரியை நான் எழுதினேன். மும்பை உறையின் மேல் முகவரி எழுத அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார், அப்பாவின் கடிதங்களுக்கெல்லாம் முகவரி எழுதியது அவர்தான். டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்கு என் கைப்பேசித் திரையைப் பார்த்தார். பதிவு அலுவலகம்: வி.எஸ்.பி., மகாத்மா காந்தி சாலை, ஃபோர்ட். “வி.எஸ்.பி.ன்னா என்னடா?” என்றார். விதேஷ் சஞ்சார் பவன் என்றேன். கட்டடத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை. அம்மா பேனாவை எடுத்து, சுருக்கமாக இல்லாமல், முழுப் பெயரையும் தமிழில் ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு, அதை அடித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினார்.